23 கவர், 23 வரி

மாதவரம் பக்கத்தில் ஒரு குடோனுக்கு நான் மேனேஜர். சோப்பு, பிஸ்கட், பால் பவுடர் என்று கடைகளுக்குப் போகும் சரக்கு எங்களிடம் வந்து தங்கி, இங்கிருந்து பிரிந்து போகும். 2023 டிசம்பர் கடைசியில் என் டீமுக்கு வருஷக் கடைசிப் பரிசும், கூடவே ஒரு பக்கத்தில் நன்றிக் கடிதமும் கொடுத்தேன். அரை மணி நேர வேலை என்றுதான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளில் என்னென்ன திருத்தினேன், யார் சொல்லித் திருத்தினேன் என்பதை எழுதி வைக்கிறேன். உங்களில் யாராவது இப்படி ஒரு கடிதத்துக்கு உட்காரும்போது உதவும்.

முதலில் அந்த வருஷத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் மூன்று பேர் வேலையை விட்டுப் போனார்கள். அந்த இடத்துக்குச் செப்டம்பர் வரை ஆள் போடவில்லை. தகரக் கூரைக்குக் கீழே, மே மாத வெயிலில், மூன்று பேர் வேலையை மற்றவர்கள் இழுத்தார்கள். அப்புறம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். 3-ஆம் தேதி ராத்திரி கொட்ட ஆரம்பித்த மழை 4-ஆம் தேதி முழுக்க விடவில்லை. குடோனுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ராத்திரி ஷிஃப்டில் இருந்தவர்கள் கீழ்வரிசைப் பேலட்டுகளை முடிந்த மட்டும் மேல் ரேக்குக்கு ஏற்றிவிட்டார்கள். அதனால்தான் பெரும்பாலான சரக்கு பிழைத்தது. அதற்கப்புறம் நாலு நாள் கரண்ட் இல்லை. எங்கள் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரியில் ஓடுவது. சார்ஜ் போட வழியில்லாததால் கை டிராலியில் இழுத்துத்தான் லோடு ஏற்றினார்கள்.

அதே நாட்களில் அவர்கள் வீடுகள் என்ன நிலையில் இருந்தன என்பது வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, மணலி என்று பல பேர் வீட்டுக்குள் தண்ணீர். எர்ணாவூரில் இருக்கும் எங்கள் லோடுமேன் ஒருவர் வீட்டில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு நின்றது. பாய், தலையணை, துணி எல்லாம் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

தலைமை அலுவலகத்திலிருந்து டிசம்பர் 19-ஆம் தேதி மெயில் வந்தது. ஒரு ஆளுக்கு 2,500 ரூபாய், 14 பேருக்கு 35,000 ரூபாய், பரிசு வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்று. கூடவே கடிதத்துக்கு ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் இருந்தது.

14 என்பது எங்கள் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். குடோனில் வேலை செய்பவர்கள் 23 பேர். மீதி ஒன்பது பேர், ஏழு லோடுமேன், இரண்டு செக்யூரிட்டி, கான்ட்ராக்டர் மூலமாக வருகிறவர்கள். பேலட்டை மேலே ஏற்றிய அந்த ராத்திரி ஷிஃப்டில் பாதிப் பேர் இந்த ஒன்பதில் அடக்கம். 14 பேருக்கு மட்டும் பை கொடுத்தால் மற்றவர்கள் அதே கேட் வழியாகத்தான் வெறுங்கையோடு வெளியே போவார்கள். அதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம்.

தொகையைக் கூட்டித் தரமாட்டார்கள் என்று தெரியும். எனவே அதே 35,000-ஐ 23 பேருக்குப் பிரித்தேன். ஆளுக்கு 1,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஹெச்.ஆரில் தயங்கினார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நாம் நேரடியாகப் பணமோ போனஸோ கொடுத்தால் நாளைக்கு ‘நாங்களும் கம்பெனி ஆட்கள்’ என்று கேள்வி வரும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு விஷயத்தில் கவனமாக இருந்தோம். கடிதத்திலோ பில்லிலோ ‘போனஸ்’ என்ற வார்த்தை வராது. பணமாகக் கொடுக்காமல் பொருளாகவே கொடுப்போம். கான்ட்ராக்டருக்கு ஒரு தகவல் கடிதம் போனது. அவர், ‘என்கிட்ட குடுத்துடுங்க மேடம், நான் பிரிச்சுக் குடுத்துடுறேன்’ என்றார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நன்றியை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்ப எனக்கு மனமில்லை.

போனஸ் பற்றி இன்னொன்று. சட்டப்படி வர வேண்டிய போனஸ் தீபாவளிக்கே கொடுத்தாயிற்று. குறைந்தது 8.33 சதவீதம் என்பது தொழிலாளியின் உரிமை. மாதிரிக் கடிதத்தில் ‘போனஸும் பரிசும் வழங்கி மகிழ்கிறோம்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. உரிமையாக வந்த பணத்தைப் பரிசு மாதிரி எழுதினால் வாங்குகிறவருக்கு அது தெரியும். அந்த வரியை முதலில் அடித்தேன்.

சரி, என்ன வாங்குவது? அலுவலகம் சொன்னது சாக்லேட், உலர் பழம், கம்பெனி பெயர் போட்ட கப் அடங்கிய ஒரு பெட்டி. எங்கள் செக்கர் அக்காவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. ‘போர்த்திக்க எதுவும் இல்ல மேடம், பாதிப் பேர் வீட்டுல’ என்றார். மெத்தை வாங்கலாம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஆட்கள் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் சைக்கிளிலும் போகிறவர்கள். ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகிற பொருளாக இருக்க வேண்டும். கடைசியில் எம்.சி. ரோட்டில் மொத்தக் கடையில் தடிமனான பருத்திப் போர்வை ஆளுக்கு இரண்டு, ஒன்று 420 ரூபாய். கூட ரீசார்ஜ் ஆகும் எமர்ஜென்சி லைட் ஒன்று, 600 ரூபாய். நாலு நாள் இருட்டில் இருந்தவர்களுக்கு அது எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. துணிப்பை 40 ரூபாய். ஆளுக்கு 1,480, மொத்தம் 34,040.

‘பணமாகக் கொடுத்திருக்கலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். வீட்டில் எல்லாம் போனவருக்குப் பணம்தான் தேவை, உண்மை. ஆனால் பணமாகக் கொடுத்தால் அது சம்பளத்தோடு சேர்ந்து வருமானமாகக் கணக்காகும். பொருளாகக் கொடுத்தால், அப்போதிருந்த வருமான வரி விதிப்படி, ஒருவருக்கு வருஷத்துக்கு 5,000 ரூபாய் மதிப்பு வரை வரிக் கணக்கில் சேராது. என் ஆட்களில் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் மிகக் குறைவு என்பதால் இது பெரிய காரணமும் இல்லை. பெரிய காரணம், 1,500 ரூபாய் பணம் யாருடைய கஷ்டத்தையும் தீர்க்காது என்பதுதான். எனவே பணத் தேவையைத் தனியாகப் பார்த்தேன். சம்பளப் பட்டியலில் இருப்பவர்களில் கேட்டவர்களுக்கு வட்டியில்லாமல் 5,000 ரூபாய் முன்பணம், பிப்ரவரியிலிருந்து ஐந்து தவணையில் பிடித்தம் என்று ஒப்புதல் வாங்கினேன். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அதைச் செய்ய என்னால் முடியவில்லை. கான்ட்ராக்டரிடம் பேசினேன், இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்தார். இந்த விஷயம் எதையும் நன்றிக் கடிதத்துக்குள் கொண்டுவரவில்லை. கடனைப் பற்றிய வரி இருக்கும் தாளில் நன்றி நிற்காது.

இப்போது கடிதம். முதல் வரைவை என் சூப்பர்வைசர் அண்ணனிடம் காட்டினேன். அதில் ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்’ என்று ஒரு வரி. பக்கத்தில் நின்றிருந்த எர்ணாவூர் லோடுமேன் படித்துவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னார்: ‘குடும்பம்னா ஊட்டாண்ட ஒரு தபா வந்து பாத்துருக்கணும்ல மேடம்.’

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அந்தக் கறுப்புக் கோட்டை அப்போதுதான் என் கண்ணால் பார்த்தேன். அவர் மனைவி டீ போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்து அந்தக் குடும்ப வரியை எடுத்துவிட்டேன். ஒரு தடவை போய் வந்ததால் அதை எழுதும் தகுதி வந்துவிடாது.

அடுத்தது இதைவிட மோசமான வரி. ‘வெள்ள நாட்களிலும் தவறாமல் வேலைக்கு வந்த அனைவருக்கும் நன்றி.’ எழுதும்போது எனக்கு அது நல்ல வரியாகவே பட்டது. சூப்பர்வைசர் அண்ணன் தாளை மேஜையில் வைத்துவிட்டு, ‘ஆறு பேர் வரலியே’ என்றார். அந்த ஆறு பேரும் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் குழந்தைகளையும் வயதானவர்களையும் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்தால் நன்றியாகத் தெரியாது, ஆஜர்ப் பட்டியலாகத்தான் தெரியும். கஷ்டமான வருஷத்துக்கு நன்றி சொல்லும் கடிதத்தில் இந்தத் தப்பு எளிதாக வந்துவிடும். வந்தவரைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு வர முடியாதவரைக் குத்திவிடுவோம். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டீமிலேயே மோசமாக அடிபட்ட ஆளை மனதில் நினைத்துக்கொண்டு, அவர் குரலில் கடிதத்தை ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது விஷயத்தில் தலைமை அலுவலகத்தோடு இரண்டு நாள் போனில் பேச வேண்டியிருந்தது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆள் போடாதது மழை மாதிரி வானத்திலிருந்து வந்த கஷ்டம் இல்லை. நாங்கள் செய்தது. ‘கடினமான ஆண்டு’ என்று பொதுவாக எழுதினால் எங்கள் பங்கும் புயலின் தலையில் போய்விடும். அதனால், ஆள் போடாதது எங்கள் தவறு என்று எழுதினேன். ‘தவறு’ என்ற வார்த்தை வேண்டாம் என்றார்கள். எடுத்துவிட்டால் முழு வரியையும் எடுக்க வேண்டும், அப்படி எடுத்தால் என் கையெழுத்து இருக்காது என்று சொன்னேன். கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்ட வரி கீழே இருக்கிறது. நான் விரும்பிய அளவுக்கு நேராக இல்லை. ஆனாலும் யார் பக்கம் நடந்தது என்று தெளிவாக இருக்கிறது.

முடிவில் அச்சடித்த கடிதம் இவ்வளவுதான்:

“அன்புள்ள ______ அவர்களுக்கு,

இந்த ஆண்டு நம் எல்லோருக்கும் கடினமாக இருந்தது. ஏப்ரலில் மூன்று பேர் போன இடத்துக்கு ஆள் போடச் செப்டம்பர் ஆனது. அந்தத் தாமதம் நிர்வாகத்தின் பக்கம் நடந்தது. அதன் சுமை உங்கள் தோளில் விழுந்தது. டிசம்பர் 3 ராத்திரி கீழ்வரிசைச் சரக்கு மேலே ஏறியதும், கரண்ட் இல்லாத நாலு நாளும் வண்டிகள் கிளம்பியதும் உங்களால்தான். அந்த நாட்களில் உங்களில் பலருடைய வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. வர முடிந்தவர்களுக்கும், வீட்டைப் பார்க்க வேண்டியிருந்தவர்களுக்கும் ஒரே மாதிரி நன்றி சொல்கிறேன்.

________________

இத்துடன் இரண்டு போர்வையும் ஒரு எமர்ஜென்சி லைட்டும் இருக்கின்றன. 23 பேருக்கும் ஒரே பொருள்தான். லைட்டின் வாரன்டி அட்டை பெட்டிக்குள் இருக்கிறது. பழுதானால் என்னிடமே கொண்டு வாருங்கள்.

அன்புடன்,”

கீழே என் கையெழுத்து, 30-12-2023 தேதி. ‘வரும் ஆண்டில் இன்னும் கடினமாக உழைத்து இலக்கை எட்டுவோம்’ என்று மாதிரியில் இருந்த கடைசி வரியை விட்டுவிட்டேன். நன்றி சொல்லி முடித்த இடத்தில் அடுத்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

நடுவில் இருக்கும் அந்தக் கோடுதான் பெரிய வேலையாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் அந்த இடத்தில் கையால் ஒரு வரி எழுத வேண்டும், அது அவர் ஒருவருக்கு மட்டுமே பொருந்த வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். எழுதிய வரியை இன்னொருவர் கவரில் போட்டுப் பார்ப்பேன். அங்கேயும் சரியாக இருந்தால் அது செல்லாது. ‘உங்கள் கடின உழைப்புக்கு நன்றி’ 23 பேருக்கும் பொருந்தும். ‘ஜூலையில் பால் பவுடர் லாட்டில் காலாவதித் தேதி மாறி ஒட்டியிருந்ததை வண்டி ஏறும் முன்னாலேயே பிடித்தது நீங்கள்’ என்பது செக்கர் அக்காவுக்கு மட்டும்தான்.

பத்தொன்பது பேருக்கு எழுதிவிட்டேன். நாலு பேருக்கு என்னிடம் ஒரு வரியும் இல்லை. ராத்திரி செக்யூரிட்டி இரண்டு பேர், ஒடிஷாவிலிருந்து வந்திருக்கும் ஒரு லோடுமேன், ஸ்கேனிங்கில் இருக்கும் சின்னப் பெண். ஒரு வருஷம் என் கீழே வேலை செய்தவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு சம்பவம்கூடத் தெரியவில்லை என்பது வேதனையாக இருந்தது. ஏதாவது அழகாக எழுதிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்த நாலு பேரும் பக்கத்துக் கவரைப் பார்ப்பார்கள்.

இரண்டு நாள் ராத்திரி பத்து மணிக்குக் குடோனுக்குப் போய் இரண்டு மணி வரை உட்கார்ந்தேன். செக்யூரிட்டிகளில் பெரியவர், வெளியே போகும் ஒவ்வொரு வண்டியின் சீல் எண்ணையும் டார்ச் அடித்து, ரெஜிஸ்டரில் உள்ளதோடு வாய்விட்டுப் படித்து ஒத்துப் பார்க்கிறார். ஜூனில் ஒரு சீல் எண் ஒத்துப்போகாமல் வண்டியை நிறுத்தியது அவர்தானாம். அந்த விஷயம் என் காதுக்கு ‘கேட்டில் பிடித்தார்கள்’ என்றுதான் வந்திருந்தது. ஒடிஷாத் தம்பி கை டிராலியின் சக்கரத்துக்கு வாராவாரம் தானே கிரீஸ் போடுகிறார் என்று மற்ற லோடுமேன்கள் சொன்னார்கள். அந்த நாலு நாளும் டிராலி ஓடியதற்குக் காரணம் அதுதான். இப்படியே நாலு வரியும் கிடைத்தன.

எழுதி வைத்திருந்ததில் ஒன்றை மாற்றவும் செய்தேன். தண்ணீர் ஏறியபோது எலக்ட்ரிக் வேலை தெரிந்த ஒருவர் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். அதைத்தான் அவருக்கான வரியாக எழுதியிருந்தேன். சூப்பர்வைசர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ‘இத எழுதினீங்கன்னா அடுத்த மழையில வேற ஒரு பையன் இறங்குவான்.’ சரியான பேச்சு. உயிருக்கு ஆபத்தான காரியத்தைக் கடிதத்தில் போட்டுப் பாராட்டினால் அது ஒரு வழக்கமாகிவிடும். அதே ஆள் அன்று சாயங்காலமே மழையைப் பார்த்துவிட்டு பேட்டரி சார்ஜரை இரண்டு பேலட் மேலே தூக்கி வைத்திருந்தார். அதை எழுதினேன். தண்ணீரில் இறங்கியதற்கு அவரைத் தனியாகக் கூப்பிட்டு நன்றியும் சொன்னேன், இனிமேல் இறங்கவே கூடாது என்றும் சொன்னேன். ஸ்விட்ச் பெட்டியைப் பிப்ரவரியில் நாலடி உயர்த்தி மாட்டினோம்.

லோடுமேன்களில் மூன்று பேருக்குத் தமிழ் படிக்க வராது. அவர்களுக்கு டிஸ்பாட்ச் தம்பி இந்தியில் எழுதிக் கொடுத்தான். இன்னொரு பெரியவருக்கு எழுத்தே தெரியாது. அவரை ஆபீஸ் அறைக்குள் உட்காரவைத்து நானே மெதுவாகப் படித்துக் காட்டினேன். தன் வரி வந்ததும், ‘அது அங்க எழுதிக்கீதா?’ என்று கேட்டு, விரலை வைத்து அந்த இடத்தைப் பார்த்தார்.

30-ஆம் தேதி சனிக்கிழமை, பகல் ஷிஃப்டும் அடுத்த ஷிஃப்டும் மாறும் நேரத்தில் கொடுத்தோம். மேடை போடவில்லை, போட்டோ எடுக்கவில்லை. எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தபோது ஒரு பெரிய தப்பு நடந்தது. எங்களிடம் ஒரே பெயரில் இரண்டு பேர், இனிஷியல் மட்டும் வேறு. கவர் மாறிவிட்டது. அதில் ஒருவருக்கு நான் எழுதியிருந்த வரி, ‘அம்மாவை ஸ்டான்லியில் சேர்த்திருந்த மூன்று வாரமும் உங்கள் இன்வாய்ஸ் ஒன்றுகூடத் தாமதமாகவில்லை.’ அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததை அவர் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார், லீவு கேட்டபோது. அது இன்னொருவர் கைக்குப் போய், அவர் நல்ல மனதோடு எல்லோர் முன்னாலும் ‘அம்மா எப்படி இருக்காங்க’ என்று கேட்டுவிட்டார்.

கவர் மாறியது சின்னத் தப்பு. பெரிய தப்பு அந்த வரியை எழுதியதுதான். கவர் சரியாகப் போயிருந்தாலும், பக்கத்தில் நிற்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், வீட்டில் யாராவது எடுத்துப் படிப்பார்கள். நோய், கடன், வீட்டுச் சண்டை என்று ஒருவர் நம்பிச் சொன்னது எதுவும் இப்படிப்பட்ட கடிதத்தில் வரக் கூடாது. வேலையில் அவர் செய்தது மட்டும் போதும். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘பரவால்ல மேடம்’ என்றார். ஆனால் ஒரு வாரம் என்னிடம் அளவாகத்தான் பேசினார். கவர் விஷயத்தில் இப்போது இனிஷியலோடு ஊழியர் எண்ணையும் பென்சிலில் மூலையில் எழுதிக்கொள்கிறேன்.

அந்த ராத்திரிகளுக்குப் பிறகு என் மேஜையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், மிச்சப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் உட்கார்ந்து, அந்த வாரம் கண்ணில் பட்டதைத் தேதியோடு எழுதுகிறேன். இரண்டு மாதம் யார் பக்கமாவது காலியாக இருந்தால், அந்த ஷிஃப்டுக்கு நான் போகவில்லை என்று தெரிந்துகொள்கிறேன்.

கடிதம் கொடுத்து முடிந்து செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஷிஃப்ட் லோடுமேன் ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் கவர். அவருக்கு நான் எழுதியிருந்தது, 3-ஆம் தேதி ராத்திரி பின்பக்க ஷட்டர் காற்றில் பிய்ந்தபோது அதைப் பிடித்துக் கட்டியது நீங்கள் என்று.

‘நா ஒருத்தனே கட்டல மேடம். மூணு பேரு புடிச்சோம். ஊட்ல படிச்சுக் காட்டும்போது சரியா இருக்கணும்.’

மற்ற இரண்டு பேர் யார் என்று கேட்டேன். சொன்னார். அன்றைக்கே அவருக்கு வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன், மூன்று பெயரோடு. மற்ற இருவரின் கடிதத்திலும் அடியில் ஒரு வரி சேர்த்தேன். அவர் புதுக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பழையதை என் மேஜையில் வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனார்.